கனவில் மறந்த மந்திரத்துக்குப் பரிகாரம் எதற்கு?

நெல்லிக்குப்பத்தில் தொடங்கி வடலூர், நெய்வேலி டவுன்ஷிப் வரை கடலூர் மாவட்டத்து வீடுகளில் ஒரு கனவுக்குப் பெரும்பாலும் ஒரே பலன்தான் சொல்லப்படுகிறது. விளக்கு ஏற்றியாகிவிட்டது, கற்பூரத் தட்டு கையில் இருக்கிறது, நாள் தவறாமல் சொல்லிவரும் கவசம் நடுவில் நின்றுபோகிறது. அடுத்த வரி நினைவுக்கு வரவில்லை. முதலிலிருந்து தொடங்கலாம் என்று வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. வேர்த்து விழித்தவர் வீட்டுப் பெரியவரிடம் சொன்னால், 'குலதெய்வத்துக்கு ஏதோ பாக்கி நிற்கிறது' என்கிறார். ஜோதிடரிடம் போனால் 'தெய்வக் குற்றம்' என்று சொல்லிப் பரிகாரத்துக்கு நாள் குறிக்கிறார். தொழுகையில் நிற்கும்போது சூரா மறந்துபோவதாகக் கனவு கண்ட முஸ்லிமுக்கும் தன் ஈமானில் குறை வந்துவிட்டதோ என்ற கலக்கம் ஏற்படுகிறது. கனவில் பிரார்த்தனை தடைபட்டால் விழிப்பில் ஏதோ கடமை தவறியிருக்கிறது என்பதே இத்தனைக்கும் அடியில் கிடக்கும் நம்பிக்கை. இந்த நம்பிக்கை தவறானது. தூக்கத்தின் இயல்பைப் பார்த்தாலும், சமயங்கள் தமக்கென்று வகுத்துக்கொண்ட விதிகளைப் பார்த்தாலும், அதனால் விளையும் பலனைப் பார்த்தாலும் அது நிற்கவில்லை.

மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பின் நியாயத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். கனவுக்குப் பலன் பார்ப்பது நம்மிடம் நேற்று வந்த வழக்கம் இல்லை. பொன்னவன் பெயரில் தமிழில் ஒரு கனாநூலே இருக்கிறது. அக்கினி புராணத்தில் கனவுக்கென்று தனி அத்தியாயம் இருக்கிறது. எந்த யாமத்தில் கண்ட கனவு எவ்வளவு நாளில் பலிக்கும் என்று கணக்குச் சொல்லும் மரபும் உண்டு. ஆனால் அந்தப் பழைய பட்டியல்களைப் பார்த்தால், பெரும்பகுதி யானை, பாம்பு, எண்ணெய் பூசிய உடல், விழுந்த பல் என்று கனவில் கண்ணால் கண்ட பொருள்களாகவே இருக்கும். மந்திரம் மறந்த கனவுக்கு இன்று சொல்லும் பலனோ ஒரு பொருளைப் பார்த்துச் சொல்வதில்லை. ஒரு ஊகச் சங்கிலியைக் கோத்துச் சொல்வது. கனவு தெய்வத்தின் பேச்சு என்பது முதல் கண்ணி. கனவில் வந்தது பூஜை, ஆகவே பேச்சும் பூஜையைப் பற்றியது என்பது இரண்டாவது. கனவில் குறைந்தது விழிப்பிலும் குறைந்திருக்க வேண்டும் என்பது மூன்றாவது. முதல் கண்ணியை நம்பிக்கை என்று விட்டுவிடலாம். அதை இங்கே நான் வழக்குக்கு இழுக்கவில்லை. மூன்றாவது கண்ணிக்கு யாரும் சான்று காட்டியதில்லை. பரிகாரம் முழுவதும் தொங்கிக்கொண்டிருப்பது அந்தக் கண்ணியில்தான்.

இதே ஊகத்தைத் தமிழ் இலக்கியம் ஒருமுறை மேடையேற்றிச் சோதித்துப் பார்த்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் ஒரு கனவைச் சொல்கிறாள். கணவன் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு பெருநகரம் ஒன்றுக்குப் போகிறான். அங்கே ஊரார் ஒரு பழியைச் சுமத்துகிறார்கள். கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது என்று கேட்டு அவள் அரசன் முன் வழக்குரைக்கிறாள். அரசனுக்கும் ஊருக்கும் கேடு வருகிறது. கேட்ட தேவந்தி உடனே பலன் சொல்கிறாள்: முற்பிறப்பில் கணவனுக்காகச் செய்ய வேண்டிய ஒரு நோன்பைத் தவறவிட்டிருக்கிறாய். பரிகாரமும் சொல்கிறாள்: காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்று இரண்டு துறைகள் உண்டு, அவற்றில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு இன்பமாக வாழலாம். கனவு, தவறிய நோன்பு, குளித்துத் தீர்க்கும் பரிகாரம். இன்று நம் தெருவில் நடப்பதன் முழு அச்சும் அந்த உரையாடலில் இருக்கிறது. கண்ணகியின் பதில் மிகச் சிறியது. அது தனக்குப் பெருமையாகாது என்று மறுத்துவிடுகிறாள்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: கண்ணகியின் கனவு பலித்துவிட்டதே, அவள் நீராடியிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான் இல்லையா? காப்பியத்தையே கேட்போம். எந்தப் பலனுக்காக அந்த நீராட்டம் சொல்லப்பட்டதோ அது நீராடாமலே கிடைத்துவிடுகிறது. அவள் மறுத்துப் பேசி முடித்த அதே வேளையில் கோவலன் வாசலில் வந்து நிற்கிறான் என்று பணிப்பெண் வந்து சொல்கிறாள். மதுரையில் நடந்த கொலைக்குக் காரணம் என்று இளங்கோ காட்டுவது பொற்கொல்லனின் வஞ்சகமும் பாண்டியன் விசாரிக்காமல் இட்ட ஆணையும். அதற்கும் அப்பால் ஒரு பழவினை உண்டு என்று கதையின் பின்பகுதியில் சொல்லப்படுகிறது. அது கோவலன் முற்பிறப்பில் பரதனாக இருந்து சங்கமன் என்ற வணிகனைக் காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்த வினை. சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபம். கண்ணகி தவறவிட்டதாகச் சொல்லப்பட்ட நோன்பு அங்கே பேச்சுக்கே வரவில்லை. கனவு பலித்தது என்றே ஒப்புக்கொண்டாலும் தேவந்தி சொன்ன காரணம் பொய்த்துப்போகிறது. கனவில் பொருள் உண்டு என்று நம்புகிறவர்கூட, அந்தப் பொருள் 'உன் கடமையில் குறை' என்பதுதான் என்று முடிவுகட்ட உரிமை இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

இனி கனவு உண்டாகும் இடத்துக்கு வருவோம். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவரின் கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் ஒரு கட்டம் உண்டு என்று எழுதினார்கள். நாம் தெளிவாக நினைவில் வைத்திருக்கும் கனவுகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை. கனவில் ஓடினால் உடலும் எழுந்து ஓடிவிடக் கூடாது என்பதற்காக, அந்த நேரத்தில் கை, கால், உடல் தசைகளை மூளையே தளர்த்திக் கட்டிப்போடுகிறது. மூச்சுக்கான உதரவிதானமும் கண் தசைகளும் மட்டும் விலக்கு. இந்தக் கட்டு அவிழ்வதற்குள் விழிப்பு வந்துவிட்டால் நடப்பதைத்தான் ஊரில் 'அமுக்குவான் பேய்' என்கிறோம். கண் திறந்திருக்கும், மார்பில் ஏதோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும், 'முருகா' என்று கூப்பிடப் பார்த்தால் நாக்கு எழும்பாது. சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ அது தானாக விலகிவிடும். அப்போது தெய்வத்தின் பெயர் வாயில் வராததற்குக் காரணம் தசை இன்னும் தூங்குவது. அந்த நேரத்தில் பெற்ற தாயைக் கூப்பிட்டாலும் சத்தம் வராது.

சொல் மறந்துபோவதற்கும் இதேபோல் ஒரு காரணம் இருக்கிறது. கவசம், பதிகம், சூரா எதுவானாலும் மனப்பாடம் என்பது சங்கிலி. ஒரு வரியின் கடைசிச் சொல்தான் அடுத்த வரியை இழுத்துவருகிறது. அதனால்தான் நன்றாகத் தெரிந்த பாட்டிலும் நடுவில் நிறுத்திவிட்டால் மேலே போக முடியாமல் முதலிலிருந்து வருகிறோம். இப்படி ஒரு வரிசையைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே இருக்கிறோம், அடுத்தது என்ன என்று கண்காணிப்பதில் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. 1990களில் தூங்குகிறவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்த ஆய்வுகள், கண் அசையும் தூக்கத்தில் அச்சம் முதலிய உணர்ச்சிகளுக்கான பகுதிகள் மும்முரமாக இருக்க, இந்த முன்பகுதி மந்தமாகிவிடுவதைக் காட்டின. பயம் முழு வேகத்தில் ஓடுகிறது; வரிசையைப் பிடிக்கும் கை தளர்ந்திருக்கிறது. அந்த நிலையில் நீளமான ஒன்றை அட்சரம் பிசகாமல் சொல்லி முடிப்பதுதான் ஆச்சரியம். நடுவில் அறுந்துபோவது எதிர்பார்க்க வேண்டியது. இதைத் தெய்வக் குற்றம் என்றால், பேருந்தைத் தவறவிடும் கனவைப் போக்குவரத்துக் கழகத்தின் குற்றம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பேருந்துக் கனவைச் சும்மா இழுக்கவில்லை. மந்திரம் மறக்கும் கனவு தனித்த ஒன்றன்று. ஒரு பெரிய குடும்பத்தில் ஒரு பிள்ளை. பரீட்சை மண்டபத்தில் ஒன்றும் தெரியாமல் விழிப்பது, மேடையில் வசனம் மறப்பது, ரயிலைப் பிடிக்க முடியாமல் ஓடுவது எல்லாம் அதன் உடன்பிறப்புகள். இவை யாருக்கு வருகின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1900ஆம் ஆண்டுத் தேதியோடு வெளிவந்த தம் கனவு நூலில் சிக்மண்ட் பிராய்டு தம்மைப் பற்றியே ஒரு செய்தி சொல்கிறார். மருத்துவப் படிப்பில் அவர் தோற்ற ஒரே பாடம் சட்ட மருத்துவம். அந்தப் பாடம் ஒருநாளும் அவர் கனவில் வரவில்லை. பயந்துகொண்டே எழுதித் தேறிய தாவரவியலும் விலங்கியலும் வேதியியலும்தான் திரும்பத் திரும்ப வந்தன. ஒரு மனிதரின் அனுபவத்தைக் கொண்டு விதி செய்ய முடியாது என்பது சரிதான். ஆனால் பட்டம் வாங்கிப் பல ஆண்டு வேலையும் பார்த்தவர்கள் இன்னும் பரீட்சையில் தோற்பதாகக் கனவு காண்பதை நம்மில் யாரும் அறியாதவர் இல்லை. அந்தக் கனவைக் கேட்டு, 'உன் பட்டம் செல்லாது, போய் மறுபடி எழுது' என்று ஒருவரும் சொல்வதில்லை. கவசத்தை மனப்பாடம் செய்யாதவனுக்கு அதை மறப்பதாகக் கனவு வர வழியே இல்லை. கனவு காட்டுவது அந்தச் சொற்கள் உள்ளே இருக்கின்றன, அவற்றைப் பற்றிய கவலையும் இருக்கிறது என்பதை மட்டும். கடன் பாக்கி இருக்கிறது என்பதை அது காட்டவில்லை.

இந்த வட்டாரத்தில் இக்கனவுக்கு இன்னொரு துணையும் உண்டு. 1956இல் நிறுவப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகல் பாராமல் ஓடுகின்றன. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையிலும் அரவைக் காலத்தில் இயந்திரம் இரவில் நிற்பதில்லை. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் மற்றவர்கள் சுப்ரபாதம் போடும் நேரத்தில் படுக்கிறார். கண் அசையும் தூக்கத்துக்கு உடலின் கடிகாரம் அதிக இடம் ஒதுக்குவது விடியலையொட்டிய நேரத்தில்தான்; ஆகவே காலையில் படுப்பவர் விரைவில் கனவுக்குள் போய்விடுகிறார். பகல் வெளிச்சமும் தெருச் சத்தமும் அந்தத் தூக்கத்தை நடுநடுவே உடைக்கின்றன. கனவின் நடுவில் எழுந்தவருக்குத்தான் கனவு நினைவில் நிற்கும். இதோடு, வேலையால் உண்மையிலேயே காலைச் சந்தியையோ ஃபஜ்ர் தொழுகையையோ நேரத்தில் செய்ய முடியாத உறுத்தலும் சேர்ந்துகொள்கிறது. கவலையும் இருக்கிறது, அதைக் கனவாக்கி நினைவிலும் நிறுத்தும் தூக்கமும் இருக்கிறது. அவருக்கு அந்தக் கனவு அடிக்கடி வருவதற்கு ஷிப்ட் அட்டவணையே போதுமான காரணம். குலதெய்வத்தை இதில் இழுக்க வேண்டியதில்லை.

'அறிவியல் இருக்கட்டும், சாஸ்திரம் என்ன சொல்கிறது?' என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி, பரிகாரம் சொல்கிறவர் நிற்க வேண்டிய இடமும் அதுதான். சந்தியாவந்தனத்தை எடுத்துக்கொள்வோம். விழித்திருந்தும் உரிய காலம் கடந்துபோய்ச் செய்கிறவருக்கு விதிக்கப்பட்ட பிராயச்சித்தம், வழக்கமான மூன்று அர்க்கியத்தோடு இன்னும் ஒரு அர்க்கியம். அதாவது கூடுதலாக ஒரு கை நீர். எந்தப் பூஜையின் முடிவிலும் மந்திரக் குறை, செயல் குறை, பக்திக் குறை மூன்றையும் பொறுத்தருள வேண்டும் என்று ஒரு மன்னிப்பு வேண்டுதல் வைக்கப்பட்டிருக்கிறது. பிழை செய்தவர் மட்டும் சொல்ல வேண்டியதாக அது இல்லை. அட்சர சுத்தமாகச் செய்தவரும் நாள்தோறும் சொல்கிறார். சொல் பிசகும், மறக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சடங்கின் உள்ளேயே அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். விழிப்பில் நேர்ந்த தவறே ஒரு கை நீரில் தீரும் என்றால், தூக்கத்தில் நேர்ந்ததாகத் தோன்றிய தவறுக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும் ஹோமம் எந்தக் கணக்கில் வருகிறது?

இஸ்லாமியச் சட்டம் இதில் இன்னும் வெளிப்படையானது. தொழுகையில் மறதியால் ஏற்படும் குறைகளுக்கு ஸஜ்தா ஸஹ்வு என்ற பெயரிலேயே ஈடு உண்டு. முடிவில் இரண்டு ஸஜ்தா. உறங்கியோ மறந்தோ ஒரு தொழுகை தவறிப்போனால் நினைவு வந்ததும் தொழ வேண்டும், அதைத் தவிர வேறு ஈடு கிடையாது என்று நபிமொழி சொல்கிறது. மூன்று பேரைவிட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, அதாவது அவர்கள் செயல் பாவக் கணக்கில் ஏறாது என்றும், அந்த மூவரில் ஒருவர் விழிக்கும்வரை உறங்குகிறவர் என்றும் இன்னொரு நபிமொழி சொல்கிறது. கெட்ட கனவு கண்டால் இறைவனிடம் பாதுகாப்புத் தேடிவிட்டுத் திரும்பிப் படுக்கச் சொல்லியிருக்கிறது. அதை ஊராரிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. கனவில் சூரா மறந்ததற்காக ஈமானைச் சந்தேகிப்பவர் தம் மார்க்கம் எழுதாத குற்றத்தைத் தாமே எழுதிக்கொள்கிறார்.

பக்தி இலக்கியம் இதைவிட ஆழமாகப் போகிறது. மறதியைப் பற்றிய அச்சம் நாயன்மார்களுக்கும் ஆழ்வார்களுக்கும் தெரியாததில்லை. பெரியாழ்வார் அரங்கனை முன்னிறுத்திப் பாடும்போது, உயிர் போகும் தளர்ச்சியில் உன்னை நினைக்க என்னால் முடியாமல் போகலாம், ஆகவே அந்த நேரத்துக்கு உரியதை இந்த நேரத்திலேயே சொல்லி வைத்துவிட்டேன் என்ற கருத்தில் பேசுகிறார். சுந்தரர் திருப்பாண்டிக்கொடுமுடியில் பாடிய நமச்சிவாயப் பதிகத்தில், நான் மறந்துபோனாலும் என் நாக்கு அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும் என்கிறார். மறப்பேன் என்பதை இருவருமே ஒளிக்கவில்லை. மறதியை இறைவனுக்கு எதிரான குற்றமாக அவர்கள் எண்ணியிருந்தால் அதை இறைவன் முன்னாலேயே பாடியிருக்க முடியாது. அதை உடம்பின் இயலாமை என்று ஏற்றுக்கொண்டு, அதற்கும் சேர்த்து விழிப்பிலேயே உறவைக் கட்டிக்கொள்கிறார்கள்.

தனி மனிதர் இருக்கட்டும், ஒரு சமுதாயமே தன் பிரார்த்தனைச் சொற்களை மறந்துபோன கதைகள் இரண்டு இந்தக் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. காட்டுமன்னார்கோயிலில் வாழ்ந்த நாதமுனிகள், வெளியூரிலிருந்து வந்தவர்கள் குடந்தைப் பெருமாள் மேல் பத்துப் பாட்டுப் பாடக் கேட்டார். ஆயிரத்தில் இது பத்து என்ற குறிப்பு அதிலேயே இருந்தது. மிச்சம் எங்கே என்று கேட்டால் பாடியவர்களுக்கே தெரியவில்லை. அவர் குருகூருக்குப் போய் மதுரகவியின் பாசுரத்தைப் பன்னிரண்டாயிரம் முறை ஓதி நாலாயிரத்தையும் பெற்றார் என்பது வைணவ மரபு. சிதம்பரத்தில் பூட்டிக்கிடந்த தேவார ஏடுகளைக் கறையான் தின்றது போக எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்பது சைவ மரபு. மூவரும் பாடியவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிகங்கள் என்று திருமுறைகண்ட புராணம் கணக்குச் சொல்கிறது. நம் கையில் இருப்பவை ஏறக்குறைய 800. இவ்வளவு பெரிய மறதிக்கு மரபு யாரையும் தண்டித்ததாகக் கதை இல்லை. எதைத் தேடினார்கள், எதைத் தொகுத்தார்கள், எப்படி மறுபடி ஓதவைத்தார்கள் என்பதையே அது நினைவில் வைத்திருக்கிறது. மறதிக்கு மாற்று மீண்டும் ஓதுவது. வேத பாடசாலைகளில் பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி ஓதவைப்பதும் அதற்காகத்தான். அங்கே மறதியைப் பயிற்சியால் கட்டினார்கள்; பயமுறுத்திக் கட்டவில்லை.

சைவம் நன்கு அறிந்தவர் ஒருவர் இங்கே வலுவான தடை ஒன்றை எழுப்பலாம். சம்பந்தர் தம் உபநயனத்தின்போது பாடியதாகச் சொல்லப்படும் பஞ்சாக்கரப் பதிகத்தில், உறங்கும்போதும் உறங்காதபோதும் நாள்தோறும் நினையுங்கள் என்கிறாரே. உறக்கத்திலும் கடமை உண்டு என்றுதானே பொருள்? பொருள் அப்படியில்லை. அவர் அங்கே கேட்பது உள்ளம் உருகி நினைப்பதை. தூக்கத்தில் பிழையில்லாமல் உச்சரிப்பதை அவர் யாரிடமும் கேட்கவில்லை. அந்த அளவுகோலையே வைத்துப் பார்த்தாலும், கனவில் கற்பூரத் தட்டோடு நின்று அடுத்த வரி வரவில்லையே என்று தவிக்கிறவர் தூக்கத்திலும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார். மறந்தவர் அந்தக் கனவே காணாமல் உறங்கியவர் என்றல்லவா ஆகும்? இந்தப் பதிகத்தைக் குற்றச்சாட்டுக்குச் சான்றாகக் கொண்டுவருகிறவர் அதைக் குற்றம் சாட்டப்பட்டவரின் கையிலேயே கொடுத்துவிடுகிறார்.

இன்னொரு தடை: 'அவர் உண்மையிலேயே நேர்த்திக்கடனைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால்? கனவு அதை நினைவூட்டியிருக்கலாமே.' இருக்கலாம். பழனிக்கு முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டு மூன்று வருடமாகப் போகாதவருக்கு அந்த உறுத்தல் கனவில் வரும். அவர் போய்ச் செலுத்திவிட்டு வரட்டும். ஆனால் அந்தக் கடன் இருப்பது அவர் செய்த வேண்டுதலால், கனவால் இல்லை. கனவு வராவிட்டாலும் அது கடன்தான். விழித்தபின் அமைதியாக உட்கார்ந்து யோசித்தால், தள்ளிப்போட்ட ஒன்று இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கே தெரியும். இருந்தால் அதைச் செய்யலாம். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்றால், 'உனக்குத் தெரியாத பாக்கி, முன் தலைமுறை விட்ட பாக்கி' என்று வெளியே இருந்து ஒருவர் கண்டுபிடித்துக் கொடுப்பதை ஏற்க வேண்டியதில்லை. தேவந்தி செய்ததும் அதுவே. பொய் என்று காட்டவே முடியாத ஒரு பாக்கியை, தீர்ந்தது என்றும் காட்ட முடியாது.

கடைசித் தடை மிக எளிமையானது. அதனாலேயே எல்லோரையும் வெல்கிறது: 'பரிகாரம் செய்தால் என்ன நஷ்டம்? மனசுக்கு நிம்மதிதானே.' நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய சகாக்களும் 2004இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றித் தூங்குவதற்கு முன் நினைக்கவே கூடாது என்று சில மாணவர்களிடம் சொன்னார்கள். அடக்கிய அந்த நினைவு அவர்கள் கனவில் கூடுதலாக வந்தது. 'இன்றைக்கு அந்தக் கனவு வரக் கூடாது' என்று பயந்து படுப்பவருக்கும் இதே கதிதான். தெய்வக் குற்றம் என்ற முத்திரை ஒரு சாதாரணக் கனவைக் காத்திருந்து பயப்பட வேண்டிய ஒன்றாக ஆக்குகிறது. பரிகாரம் செய்த ஓரிரு வாரம் நிம்மதி இருக்கும். பிறகு கனவு மறுபடி வரும். பரிகாரம் சரியாகச் செய்யப்படவில்லை என்ற புதிய கவலையும் கூடவே வரும்.

சிலரிடம் இது இன்னும் கடுமையாகிறது. ஓ.சி.டி. என்று மருத்துவர்கள் சொல்லும் எண்ணச் சுழற்சி நோய்க்குச் சமயம் சார்ந்த ஒரு வடிவம் உண்டு. கை கழுவிக் கழுவித் திருப்தியடையாதவரைப்போலவே, சொன்ன மந்திரம் சரியாகச் சொல்லப்பட்டதா என்ற சந்தேகம் இவரை விடாது. அடையாளம் காண்பது கடினம் இல்லை. ஒரு சொல் பிசகியதாகத் தோன்றினாலும் முதலிலிருந்து தொடங்குவார். பத்து நிமிடப் பூஜை ஒன்றரை மணி நேரம் ஆகும். 'நான் சரியாகத்தானே சொன்னேன்?' என்று வீட்டாரையும் அர்ச்சகரையும் திரும்பத் திரும்பக் கேட்பார். கடைசியில் பூஜையறைக்குப் போகவே பயப்படுவார். ஒவ்வொரு பரிகாரமும், ஒவ்வொரு 'ஒன்றும் ஆகாது' என்ற ஆறுதலும் அந்தச் சந்தேகத்துக்குப் போடும் தீனி. சிகிச்சை நேர் எதிர்த்திசையில் போகிறது: சந்தேகம் இருக்கும்போதே, மறுபடி சொல்லாமல், யாரையும் கேட்காமல் எழுந்து போகப் படிப்படியாகப் பழக்குவது, தேவைப்பட்டால் மருந்து. மனநல மருத்துவரிடம் போக வேண்டியவரைப் பரிகாரத் தலத்துக்கு அனுப்புவது நோயை வளர்ப்பது.

கனவில் மறப்பதையும் விழிப்பில் மறப்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. எழுபது வயதைக் கடந்தவர், நாற்பது வருடம் சொன்ன கவசத்தை விழித்திருக்கும்போதே சொல்லத் தடுமாறினால், கூடவே பேரன் பெயரும் கடைக்குப் போகும் வழியும் தடுமாறினால், அது நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டிய நினைவுக் குறைவாக இருக்கலாம். தூக்கத்தில் உரக்கக் கத்திக் கைகால்களை வீசிப் பக்கத்தில் படுத்திருப்பவரை அடிக்கிறார் என்றாலும், கனவின்போது தசையைக் கட்டும் ஏற்பாடு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை இரண்டுக்கும் 'தெய்வக் குற்றம்' என்று பலன் சொல்லும் வீட்டில் மருத்துவருக்கான மாதங்கள் வீணாகின்றன.

நெய்வேலிக்குப் பக்கத்து வடலூரில் 1867இல் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கினார். அங்கே அடுப்பு அணையாமல் பசித்தவருக்குச் சோறு போடப்பட்டுவருகிறது. வந்தவர் எந்த மந்திரத்தை எவ்வளவு பிழையில்லாமல் சொல்வார் என்று இலை போடும் முன் அங்கே யாரும் கேட்பதில்லை. வழிபாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்பதற்கு இந்த மண்ணில் அப்படியும் ஒரு விடை சொல்லப்பட்டிருக்கிறது.

ஆகவே கனவுப் பலன் சொல்கிற பெரியவர்களுக்கும் ஜோதிடர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மந்திரம் மறந்த கனவோடு ஒருவர் வந்தால் இரண்டு கேள்வி போதும்: 'விழித்திருக்கும்போது சொல்ல முடிகிறதா? உனக்கே தெரிந்து தள்ளிப்போட்ட வேண்டுதல் ஏதாவது இருக்கிறதா?' முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்றால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்தக் கவசத்தை அவர் காலையில் குளித்துவிட்டு வழக்கம்போல் ஒருமுறை சொல்லட்டும். ஒருமுறை போதும்.